கிரிவலமா, பர்வதமலையா: எது கொழுப்பைக் கரைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கிடைக்கிறது, திருவண்ணாமலைப் பக்கம் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, 14 கி.மீ. கிரிவலப் பாதை, முழுக்கத் தார்ச்சாலை, பெரிதாக ஏற்றமில்லை. இன்னொன்று, அதே மாவட்டத்தில் உள்ள பர்வதமலை. செங்குத்தான ஏற்றம், உச்சிக்குப் பக்கத்தில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் பாறைகள். எடை குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை அவ்வளவு நேராக இல்லை.

80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் நடக்கும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு அரை கலோரி கூடுதலாகச் செலவாகும். அப்படியானால் கிரிவலத்துக்கு 80 × 14 × 0.5, அதாவது 560 கலோரி.

ஏற்றத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: பையோடு சேர்த்து ஒவ்வொரு கிலோவுக்கும், 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கலோரி. பை 5 கிலோ, ஏற்றம் 1000 மீட்டர், போக வர 10 கி.மீ. என்று கொண்டால் ஏற்றத்துக்கு 850, நடைக்கு 425. கூட்டினால் 1,275 கலோரி. கரடுமுரடான பாதைக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம்.

கைக்கடிகாரம் இதைவிட அதிகம் காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 80 கலோரி செலவாகும் உடம்பு இது. மலையில் 7 மணி நேரம் இருந்தால் அந்த 560ஐயும் பல கடிகாரங்கள் சேர்த்துவிடும். திரையில் 1,800 என்று பார்த்துவிட்டு அதற்கேற்பச் சாப்பிட்டால், வீட்டில் இருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்துச் சாப்பிட்டதாக ஆகிவிடும்.

அடுத்து சாப்பாடு. கிரிவலத்துக்கு மூன்று மணி நேரம் போதும். வழக்கமான காலை உணவைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. வழியில் இருக்கும் டீக்கடைகளைத் தாண்டி வருவதுதான் சிரமம். மலைக்கு இது சரிப்படாது. பசியோடு ஏறினால் பாதியில் கால் தள்ளாடும், பாறையில் அது ஆபத்து. கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு நாலு இட்லி, இரண்டாவது மணியிலிருந்து மணிக்கு ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு மூன்று பேரீச்சை. இறங்கி முடிக்கும்வரை இந்தக் கூடுதல் தீனி 400 கலோரி வரும். ஆக மலையின் லாபம் 875.

தண்ணீருக்கு ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம். முந்தைய வாரம் வெயிலில் ஒரு நடை போய், முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 80 கிலோவில் கிளம்பி, 3 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் குடித்து, 78.5 கிலோவில் திரும்பினால் போன தண்ணீர் 3 லிட்டர். மணிக்கு ஒரு லிட்டர். இப்படி வியர்ப்பவர் மலைக்கு 4 லிட்டராவது சுமக்க வேண்டும், அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கலந்ததாக இருக்கட்டும். காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடுகள் படிந்தால் உப்பு நிறையப் போகிறது என்று பொருள். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டிருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். கிரிவலத்தை விடியற்காலையில் தொடங்கினால் ஒன்றரை லிட்டர் பெரும்பாலும் போதும்.

அந்த ஒன்றரை கிலோ இறக்கம் கொழுப்பு அல்ல, தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 875 கலோரி என்பது 110 கிராம் சொச்சம். கிரிவலத்தில் 70 கிராம். மலையேறிய மறுநாள் தசை வீங்கித் தண்ணீரைப் பிடித்துவைப்பதால் எடை ஏறிக்கூடக் காட்டும்.

இனிதான் முக்கியமான இடம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. பழக்கமில்லாதவருக்குத் திங்கள், செவ்வாயில் மாடிப்படி இறங்கவே முடியாது. தினமும் மாலை 5 கி.மீ. நடப்பவர் அந்த இரண்டு நாளும் படுத்துவிட்டால் 400 கலோரி போச்சு. மிச்சம் 475. கிரிவலம் போனவரோ திங்கள் மாலையும் வழக்கம்போல நடந்திருப்பார், அவருடைய 560 அப்படியே இருக்கும்.

அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு கிரிவலம்தான், பௌர்ணமிக் கூட்டம் இல்லாத வாரங்களில். கூடவே வாரம் இருமுறை அடுக்குமாடியில் பத்து மாடி அளவுக்குப் படி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதற்கு லிஃப்ட்டில் போனாலும் பரவாயில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு சிறிய மலையில் ஏறி இறங்கிப் பார்த்து, மறுநாள் மாலை நடை தடைபடவில்லை என்றால் பர்வதமலைக்குப் போகலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மலைக்கு அவசரப்பட வேண்டாம். சமதளத்திலேயே தூரத்தைக் கூட்டலாம்.