பவுணா, பங்கா, வைப்பா? பள்ளத்தின் ஆழமும் நீளமும்

யாழ்ப்பாணத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் பேச்சு மூன்று பக்கம்தான் போகும். கஸ்தூரியார் வீதியில் பவுண் வாங்கலாம், வங்கியில் நிலையான வைப்பில் போடலாம், கொஞ்சம் துணிந்தவர் கொழும்புப் பங்குச் சந்தையைப் பார்க்கலாம். எது எவ்வளவு ஏறியது என்று எல்லோரும் சொல்வார்கள். எது எவ்வளவு விழுந்தது, விழுந்த இடத்திலிருந்து பழைய உச்சத்துக்கு வர எத்தனை வருடம் எடுத்தது என்பதைக் காட்டுவது சரிவு வரைபடம். ஆங்கிலம் கலந்து பேசுபவர்கள் ட்ரோடவுன் என்பார்கள்.

அதை வரைவது சுலபம். எக்செல் விரிதாளில் A நிரலில் திகதி, B நிரலில் விலை, இரண்டும் இரண்டாம் வரியில் இருந்து. C2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=B2/MAX(B$2:B2)-1
```

அன்றுவரை கண்ட உச்சத்தோடு அன்றைய விலையை இது ஒப்பிடுகிறது. புது உச்சம் என்றால் பூச்சியம், மற்ற நாளெல்லாம் அதற்குக் கீழே. பூச்சியக் கோட்டில் இருந்து இறங்கி மீண்டும் அந்தக் கோட்டைத் தொடும்வரை உள்ளது ஒரு பள்ளம். பலர் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு நீளம்தான் முக்கியம்.

பங்கை முதலில் எடுப்போம். கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் போர் முடிந்த உற்சாகத்தில் 2011 பெப்ரவரியில் 7,800 வரை போனது. 2012 நடுப்பகுதியில் 5,000க்கும் கீழே வந்தது. பிறகு மெல்ல ஏறி 2015 தொடக்கத்தில் 7,600ஐத் தொட்டது. இன்னும் இரண்டு மூன்று வீதம் ஏறியிருந்தால் பள்ளம் மூடியிருக்கும். மூடவில்லை. அங்கிருந்து திரும்ப வழுக்கி, கொவிட் வந்த 2020 மே மாதத்தில் 4,300க்கும் கீழே போய், 2021 ஜனவரியில்தான் பழைய உச்சத்தைத் தாண்டியது. வரைபடத்தில் இது பத்து வருடம் நீண்ட ஒரே பள்ளம். மிக ஆழமான இடம் வருவது பத்தாம் வருடத்தில். அவ்வளவு காலம் பொறுத்தவருக்குக் கிடைத்த பரிசு அது! கிட்டத்தட்ட 45 வீதச் சரிவு. அதை ஈடுகட்ட 80 வீதத்துக்கும் மேல் ஏறவேண்டும்.

ஆனால் இந்தச் சுட்டெண்ணில் இலாபப்பங்கு சேராது, வெறும் விலைதான். நிறுவனங்கள் ஆண்டுக்கு 2 வீதம் இலாபப்பங்கு தந்தன என்று வைத்து, அதையும் திரும்பப் பங்கிலேயே போட்டதாகக் கணக்குப் போட்டால், நாலு வருடத்தில் 8 வீதம் சேர்ந்துவிடும். 2015இல் குறைந்த இரண்டு மூன்று வீதத்தை அது தாராளமாக மூடும். அப்போது பத்து வருடப் பள்ளம் உடைந்து, நாலு வருடப் பள்ளம் ஒன்றும் அதற்குப் பிறகு இன்னொன்றுமாக ஆகிவிடும். ஆகவே பங்கின் வரைபடத்தை யாராவது காட்டினால் இலாபப்பங்கு சேர்த்ததா சேர்க்காததா என்று முதலில் கேளுங்கள். பவுணுக்கு அந்தக் கேள்வி இல்லை, அது பெட்டிக்குள் இருந்து குட்டி போடாது.

பவுணுக்குக் கேட்கவேண்டியது வேறு: எந்த நாணயத்தில் வரைந்தது? 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் சுமார் 1,900 டொலர். 2015 டிசம்பரில் 1,050. டொலரில் இது 45 வீதச் சரிவு, மீண்டது 2020இல். ஒன்பது வருடம். அதே தங்கத்தை ரூபாயில் பாருங்கள். 2011இல் டொலர் ஏறத்தாழ 110 ரூபாய், 2015 முடிவில் 144. எட்டுக் கிராம் சுத்தத் தங்கம், வரியும் கடைக்காரர் இலாபமும் சேர்க்காமல், 54,000 ரூபாயில் இருந்து 39,000க்கு வந்தது. சரிவு 28 வீதம்தான். 2018இல் டொலர் 170ஐத் தாண்டியபோது ரூபாய்ப் பள்ளம் மூடிவிட்டது. அதே நேரம் டொலர் வரைபடம் இன்னும் 35 வீதம் கீழே என்று காட்டியது. தங்கம் ஏறியதால் மட்டும் வந்த மீட்சி இல்லை இது, ரூபாய் இறங்கியதாலும் வந்தது. டொரன்டோவில் இருக்கும் அண்ணனும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையும் ஒரே நாளில் ஒரே தங்கத்தை வாங்கியிருந்தாலும், ஒருவருக்கு நட்டம், மற்றவருக்குக் கணக்குச் சரி.

பங்குக்கும் இதே வித்தை நடந்தது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,400ஐத் தாண்டி, நெருக்கடியில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதியாகி, 2024 டிசம்பரில் பழைய இடத்துக்கு வந்தது. மூன்று வருடம்கூட முழுதாக இல்லை, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் முதல் உச்சத்தில் டொலர் 200 ரூபாய், மீண்ட நாளில் 290. ரூபாய்க் கோடு பூச்சியத்தைத் தொட்ட அன்று டொலர்க் கோடு 30 வீதம் கீழே நின்றது.

இனி வைப்பு. அதன் வரைபடம் ஒரு நேர்கோடு, விழுவதே இல்லை. மூன்றிலும் என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கோடுதான். 2021 டிசம்பரில் பத்து இலட்சத்தை 6 வீத வட்டிக்குப் போட்டவரை எடுங்கள். ஒரு வருடத்தில் கையில் 10.6 இலட்சம். அந்த வருடத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 57 வீதம் ஏறியது. பழைய விலையில் அவரிடம் இருப்பது 6.75 இலட்சத்துக்கான சாமான்தான், அதாவது 32 வீதப் பள்ளம். அதை 20 வீதத்துக்குப் புதுப்பித்தார் என்று வைப்போம். 2023இல் விலையேற்றம் 4 வீதமாக அடங்கியதால், வருட முடிவில் 7.8 இலட்சத்துக்கு வருகிறார். இரண்டு வருடம் கழித்தும் 22 வீதம் கீழே. வங்கிப் புத்தகத்தில் மட்டும் எல்லாம் ஏறுமுகம்.

சரி, எதை எடுப்பது? செலவு எந்த நாணயத்தில், எப்போது வரும் என்பதை வைத்துத்தான் நான் பார்ப்பேன். பிள்ளைக்கு வெளிநாட்டில் படிப்புக் கட்டணம் கட்டவேண்டும் என்றால் டொலரில் வரைந்து பார்த்துப் பவுணையே எடுப்பேன், அதுவும் ஒன்பது வருடம் இழுக்கக்கூடியது என்று தெரிந்துகொண்டு. பத்து வருடத்துக்குத் தொடத் தேவையில்லாத காசுக்குப் பங்கு, இலாபப்பங்கைத் திரும்பப் போடும் பொறுமை இருந்தால். அடுத்த வருடம் வேண்டிய காசுக்கு வைப்பு, அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் எதிர்பார்க்காமல்.

ஒன்று மட்டும் வரைபடத்தில் தெரியாது. பள்ளம் மூடும்வரை நீங்கள் பொருளை வைத்திருக்கிறீர்கள் என்பதே அதன் கணக்கு. நம் ஊரில் பவுண் பெட்டியில் மட்டும் கிடப்பதில்லை, அடகிலும் கிடக்கும். 2013இல் தங்கம் விழுந்தபோது, உச்ச விலையில் கொடுத்த அடகுக் கடன் நகையின் பெறுமதியை மிஞ்சியதால் மீட்காமல் விட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள், வங்கிகளுக்கும் அடி. அந்த நகை ஏலத்தில் போனவருக்கு 2018 மீட்சி வந்தும் பயனில்லை. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களுக்கும் இதே கதை: விலை விழுந்து, கடனுக்காகத் தரகர் பங்கை விற்றுவிட்ட நாளோடு அவர்களுடைய கோடு நின்றுவிடும். அதனால் ஏழு வருடப் பள்ளம் உள்ள பொருளை ஒரு வருட அடகில் வைப்பதற்கு முன், வட்டியையும் மீட்கும் காசையும் வேறு எங்கிருந்து எடுப்பது என்று பார்த்துவிட்டுத்தான் வங்கிக்குப் போகவேண்டும்.