இம்பெல்லர் மாற்றிய பிறகு: ஒரு மோனோபிளாக் பம்பும் அதன் சக்ஷன் பைப்பும்

நான் வைத்திருக்கும் அதே பம்பை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியவில்லை. ஹெட், டிஸ்சார்ஜ், மோட்டார் பவர் எல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். மோட்டாரைப் பற்றி எனக்குக் குறையே கிடையாது. சில வருடங்களாக ஓடுகிறது, சூடாவதில்லை, பேரிங் சத்தம் இல்லை, சீல் ஒழுகியதில்லை. ஆனால் உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் மட்டும் வயதுக்கு முன்பே போனது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கழற்றிய பழைய இம்பெல்லர் இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. வார்ப்பிரும்பு. வெளிவிளிம்பு கிட்டத்தட்ட புதிதாகவே இருக்கிறது. தண்ணீர் உள்ளே நுழையும் கண் பகுதிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு இறக்கையிலும் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரே மாதிரியான இடத்தில் பொட்டுப்பொட்டாகக் குழிகள். ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் உலோகம் காகிதம் போல் மெலிந்திருக்கிறது. விரல் வைத்தால் கூர்மையாகக் குத்துகிறது. மணல் தின்றிருந்தால் வழுவழுப்பாக, ஓட்டத்தின் திசையில் கோடு கோடாகத் தேய்ந்திருக்கும், வெளிவிளிம்பும் தப்பியிருக்காது. துருவாக இருந்தால் எல்லா இடத்திலும் பரவியிருக்கும். இப்படி ஒரே இடத்தில், இறக்கையின் அழுத்தம் குறைந்த பக்கத்தில் மட்டும் குழி விழுந்தால் அது கேவிட்டேஷன், அதாவது ஆவிக்குமிழிகள் நொறுங்கி உலோகத்தை அரிப்பது.

தண்ணீர் நூறு டிகிரியில்தான் கொதிக்கும் என்பது வளிமண்டல அழுத்தம் முழுதாக மேலே இருக்கும்போது. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் முப்பது டிகிரி தண்ணீரும் கொதிக்கும். அதற்கு அழுத்தம் சுமார் 0.4 மீட்டர் தண்ணீர் உயரத்துக்கு இறங்க வேண்டும். இம்பெல்லரின் கண்ணில் அப்படி இறங்கும்போது ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. இறக்கைக்குள் கொஞ்ச தூரம் போனதும் அழுத்தம் ஏறுகிறது, குமிழிகள் சட்டென்று உள்நோக்கி நொறுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி நொறுங்கும் ஒவ்வொன்றும் ஒரு மிகச்சிறிய சுத்தியடி. பம்புக்குள் யாரோ சரளைக்கல்லைக் கொட்டிவிட்டது போன்ற அந்தச் சத்தம் இதுதான்.

எனக்கு அந்தச் சத்தம் எல்லா நேரமும் வரவில்லை. நிலத்தடித் தொட்டி நிறைந்திருக்கும்போது பம்பு அமைதியாக ஓடும். தொட்டி காலியாகிக்கொண்டே வரும்போது கரகரப்பு ஆரம்பிக்கும். பார்க்க வந்த மெக்கானிக் பேரிங்கைச் சந்தேகப்பட்டார். பேரிங்குக்குத் தொட்டியின் நீர்மட்டம் எப்படித் தெரியும்? அப்புறம் டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பார்த்தோம். சத்தம் அடங்கிவிட்டது. திறந்தால் திரும்ப வந்தது. பேரிங் போயிருந்தால் வால்வைத் திருப்பியதற்கெல்லாம் அடங்காது.

சரி, கணக்குக்கு வருவோம். என்பிஎஸ்எச் என்று சுருக்கிச் சொல்லும் அளவு ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு பக்கம். நம் பைப்பு அமைப்பு பம்பின் வாயில் கொண்டுவந்து கொடுக்கும் அழுத்தம், ஆவி அழுத்தத்தைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது இருப்பு. கொதிக்காமல் வேலை செய்ய பம்பு எவ்வளவு கேட்கிறது என்பது தேவை. இருப்பு நம் கையில், தேவை கம்பெனியின் கையில். இருப்பு தேவையைவிட அதிகமாக இருந்தாக வேண்டும்.

கடல்மட்டத்தில் வளிமண்டலம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். பம்பு தண்ணீரை இழுப்பதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் வளிமண்டலம்தான் தள்ளிக்கொடுக்கிறது. நமக்கு மொத்தக் கையிருப்பே அந்த 10.3 தான். அதில் ஆவி அழுத்தத்துக்கு 0.4 போய்விடும். தொட்டி காலியாகும் நேரத்தில் நீர்மட்டத்திலிருந்து பம்பின் மையம் வரை எனக்கு 3.5 மீட்டர். அதையும் கழித்தால் 6.4 மிச்சம். மீதியைத் தின்பது தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் சக்ஷன் பைப்பு.

பம்பின் சக்ஷன் வாய் 65 மில்லிமீட்டர். பொருத்தியவர் அதே அளவில் பைப்பைப் போட்டுவிட்டார். நீளம் எட்டு மீட்டர், வழியில் மூன்று எல்போ, கீழே வலையோடு ஃபுட் வால்வு. பம்பு தருவது நொடிக்கு பத்து லிட்டர். 65 மில்லிமீட்டர் பைப்பில் அது நொடிக்கு மூன்று மீட்டர் வேகம். சக்ஷனுக்கு இது மிக அதிகம், ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அந்த வேகத்தில் நேர்ப் பைப்பின் உராய்வு சுமார் 1.1 மீட்டர், மூன்று எல்போவும் சேர்ந்து 1 மீட்டர், ஃபுட் வால்வும் வலையும் 1 மீட்டர். தோராயமாக 3.1 மீட்டர் வழியிலேயே கரைகிறது. இருப்பு 3.3. கம்பெனியிடம் கேட்டு வாங்கிய என்பிஎஸ்எச் வரைகோட்டின்படி, பத்து லிட்டரில் இந்தப் பம்பின் தேவை 3.5.

தேவை என்று அச்சிடும் அந்த எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சக்ஷன் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், பம்பின் ஹெட் மூன்று சதவீதம் விழும் இடத்தைத்தான் சோதனையில் அந்த எண்ணாகக் குறிக்கிறார்கள். ஹெட் விழும் அளவுக்குப் போய்விட்டது என்றால் குமிழிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆக இருப்பும் தேவையும் சமமாக இருப்பது பாதுகாப்பு கிடையாது, அது ஏற்கெனவே கேவிட்டேஷன். குறைந்தது அரை மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். என் தொட்டி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் உயர்ந்திருக்கும். அப்போது இருப்பு 4.8, இடைவெளி 1.3. அதனால்தான் அமைதி.

டெலிவரி வால்வை மூடினால் சத்தம் அடங்கியதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஓட்டம் ஏழு லிட்டராகக் குறைந்தால் உராய்வு கிட்டத்தட்ட பாதியாகிறது, ஏனென்றால் அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். இருப்பு 4.9 ஆக ஏறுகிறது. அதே நேரத்தில் பம்பின் தேவையும் இறங்குகிறது. இரண்டு பக்கமும் நமக்குச் சாதகம். இதே வேலையை சக்ஷன் பக்கத்து வால்வில் செய்யக் கூடாது. அங்கே மூடினால் இருப்பைத்தான் நெரிக்கிறோம்.

சக்ஷனில் காற்று கசிந்தாலும் இதே மாதிரி சத்தம் வரும் என்று சொல்வார்கள், அது உண்மைதான். பிரித்தறிய ஒரு வேக்யூம் கேஜ் போதும். பம்பின் வாயில் மாட்டிப் பார்த்தபோது சுமார் 520 மில்லிமீட்டர் பாதரசம் காட்டியது, முள் ஓரளவு நிலையாக நின்றது. அது ஏழு மீட்டர் தண்ணீர். தூக்கும் உயரம், உராய்வு, வாயில் இருக்கும் வேகத்துக்கான 0.46 மீட்டர், மூன்றையும் கூட்டினால் அதேதான் வருகிறது. காற்று புகுந்திருந்தால் முள் இவ்வளவு ஏறியிருக்காது, ஆடிக்கொண்டும் இருக்கும்.

புது இம்பெல்லர் போட்டதோடு நிறுத்தவில்லை, பைப்பையும் மாற்றினேன். எட்டு மீட்டரும் 100 மில்லிமீட்டர், ஃபுட் வால்வும் அதே அளவு, மூன்று எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள ஒரே பெண்டு. வேகம் நொடிக்கு 1.3 மீட்டராக இறங்கியது. மொத்த இழப்பு 0.3 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உராய்வு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிராகப் போவதால்தான் இந்த அளவு வித்தியாசம். இருப்பு 3.3-இலிருந்து ஆறு மீட்டருக்கு மேல் வந்துவிட்டது. கேஜ் இப்போது 315-ஐ ஒட்டி நிற்கிறது. தொட்டியின் அடி வரை இறைத்தாலும் மோட்டாரின் ரீங்காரம் மட்டும்தான் கேட்கிறது. அந்த முதல் நாள் பம்பின் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அமைப்பில் இரண்டு இடங்களில் விடாப்பிடியாக நின்றேன். நூறிலிருந்து அறுபத்தைந்துக்கு இறங்கும் ரெடியூசர் ஒருபக்கம் தட்டையானது, தட்டைப் பக்கம் மேலே. இரண்டு பக்கமும் சரிவான ரெடியூசரைப் படுக்கையாகப் போட்டால் மேல் மூலையில் காற்று தங்கி, ஓட்டத்தை நெரிக்கும். அதே காரணத்துக்காகப் படுக்கைப் பைப்பு முழுவதும் பம்பை நோக்கி லேசாக ஏறிக்கொண்டே போகிறது, நடுவில் மேடு எங்கும் கிடையாது. இரண்டாவது, பெண்டைப் பம்பின் வாயிலேயே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. வளைவிலிருந்து வெளிவரும் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும், இம்பெல்லரின் கண்ணில் சமமாக நுழையாது. கணக்கில் இருப்பு போதுமானதாகத் தெரிந்தாலும் அந்த ஒரு பக்கத்தில் குமிழி வரலாம். விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது நேர்ப் பைப்பு விட வேண்டும்.

பெரிய பைப்புக்கு ஒரு தொல்லை உண்டு. ஃபுட் வால்வு கசிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் திரும்ப நிரப்ப இரண்டு மடங்குக்கும் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

என் கோபம் விளக்கத்தாள் மேல். அதில் "சக்ஷன் லிஃப்ட் 6 மீட்டர்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்த ஆறு மீட்டர் என்பது உயரமும் உராய்வும் சேர்ந்தது என்ற ஒரு வரி இல்லை. பொருத்தியவர் 3.5 ஆறுக்குள் இருக்கிறதே என்று பார்த்தார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உராய்வைச் சேர்த்தால் 6.6. என்பிஎஸ்எச் வரைகோடு தாளில் கிடையாது, கேட்டபோதும் அலைக்கழித்துத்தான் அனுப்பினார்கள். இம்பெல்லரைப் பார்த்துவிட்டு, தண்ணீர் சரியில்லை என்று உத்தரவாதத்தை மறுத்தார்கள். குழி விழுந்த இடத்தைப் பார்த்த எவருக்கும் காரணம் தண்ணீரில் இல்லை என்று தெரிந்திருக்கும்.

பம்பு நல்ல பம்புதான். 3.5 மீட்டர் தேவை என்பது பத்து லிட்டர் ஓட்டத்துக்கு நியாயமான எண், சரியான பைப்பு கொடுத்ததும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் நண்பரிடம் இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். வரைகோட்டைக் கேட்காமலேயே கையில் கொடுக்கும் கம்பெனியாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். எந்தப் பம்பை வாங்கினாலும், அதன் வாய் என்ன அளவோ அதற்கு ஒரு அளவாவது பெரிய சக்ஷன் பைப்பு.