ஒரே மூலை, இரண்டு வளைவு: ட்ரோக்பாவின் கார்னரும் ராமோஸின் கார்னரும்

2012 மே 19, மியூனிக். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின் 88வது நிமிடத்தில் செல்சிக்கு முதல் கார்னர் கிடைத்தது. பேயர்ன் அன்று 20 கார்னர் எடுத்தும் அதில் ஒன்றும் கோலாகவில்லை. மாட்டா வலது மூலையிலிருந்து இடது காலால் அடித்தார். ட்ரோக்பா நியர் போஸ்ட் பக்கம், அதாவது பந்து அடிக்கும் மூலைக்கு அருகிலுள்ள கோல் கம்பத்தின் பக்கம், ஓடி வந்து தலையால் முட்டினார். 1-1.

2014 மே 24, லிஸ்பன். அட்லெட்டிகோ 1-0 முன்னிலையில் இருக்க, கடிகாரம் 92:48 காட்டியபோது ரியால் மாட்ரிட்டின் ராமோஸ் தலையால் சமன் செய்தார். அதுவும் வலது மூலைதான். ஆனால் மோட்ரிச் அடித்தது வலது காலால்.

கிரிக்கெட்டில் பழகிய இன்ஸ்விங், அவுட்ஸ்விங் என்ற பெயர்கள்தான் இங்கும். அங்கே தையல் செய்யும் வேலையை இங்கே பந்தின் சுழற்சி செய்கிறது. வலது மூலையில் இடது கால் அடித்தால் பந்து கோலை நோக்கி வளையும். அதே இடத்தில் வலது கால் அடித்தால் கோலை விட்டு விலகி வளையும். இடது மூலையில் இது தலைகீழ்.

இன்ஸ்விங் பந்து கோல் பக்கமே போய்க்கொண்டிருப்பதால் லேசாக உரசினாலே போதும். யாரும் தொடாவிட்டாலும் உள்ளே போய்விடலாம். அதனால் கோல்கீப்பர் கோட்டை விட்டு வெளியே வரத் தயங்குவார். அவரைச் சுற்றி நாலு பேரை நிறுத்திவிட்டால் தயங்கவும் இடமிருக்காது. சாகாவின் இடது காலையும் ரைஸின் வலது காலையும் வைத்து ஆர்சனல் இரண்டு மூலைகளிலிருந்தும் இன்ஸ்விங் அடிப்பது இதற்காகத்தான். குறை என்னவென்றால், பந்து சற்று நீளமாகிவிட்டால் கீப்பர் கைக்கே போய்விடும்; அவர் அதை உடனே வீசினால் எதிர்த்தாக்குதல்.

அவுட்ஸ்விங்கில் பந்து கீப்பரை விட்டு விலகிப்போகும். எட்டிவிடலாம் என்று நம்பி வெளியே வந்தவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். தாக்குபவருக்கோ, ஓடிவரும் வேகத்தோடு எதிரே வரும் பந்தை முட்டும் வசதி உண்டு. ஆனால் கோலிலிருந்து பத்து மீட்டர் தள்ளி முட்டி, கீப்பரைத் தாண்டி கோலின் மூலையில் சேர்க்க வேண்டும். ராமோஸ் செய்தது அதைத்தான். அப்படி ஒரு தலை அணியில் இல்லையென்றால் அவுட்ஸ்விங் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எந்த வளைவானாலும் தடுக்கும் அணி முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் நியர் போஸ்ட். அங்கே இரண்டு வேலைகள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒருவர் கம்பத்தை ஒட்டிக் கோட்டிலேயே நிற்பவர். இன்னொருவர் கோலுக்கு முன்னால் உள்ள சிக்ஸ் யார்டு கோட்டில், நியர் போஸ்டுக்கு நேரே நிற்பவர். இந்த இரண்டாமவர் ஆளை மார்க் பண்ணுவதில்லை, இடத்தைக் காக்கிறார். தலை உயரத்துக்குக் கீழே வரும் எதையும் முதலில் தொட்டு வெளியேற்றுவதுதான் அவர் பொறுப்பு.

அடிப்பவரின் கால் எது என்று தெரிந்ததுமே இந்த இரண்டாமவர் நகர்ந்திருக்க வேண்டும். இன்ஸ்விங் என்றால் ஓரடி கோல் பக்கம், ஏனென்றால் பந்து அவருக்குப் பின்னால்தான் வளையும். அவுட்ஸ்விங் என்றால் ஓரிரு அடி வெளியே. இதை மறைக்கத்தான் சில அணிகள் பந்தருகே ஒரு இடதுகாலரையும் ஒரு வலதுகாலரையும் சேர்த்து நிறுத்துகின்றன. தொடர்ந்து பந்து அவர் தலைக்கு மேலே போனால் மூலையை நோக்கி அதிகம் முன்னேறி நிற்கிறார் என்று பொருள். அவருக்கு முன்னாலேயே எதிரணி தொட்டால் அதிகம் பின்வாங்கியிருக்கிறார்.

மியூனிக்கில் நடந்தது இந்தக் கடைசி வகை. ட்ரோக்பா தன்னை மார்க் பண்ணிய போவாட்டெங்கை முந்தி நியர் போஸ்டுக்கு வந்துவிட்டார். அவர் பாதையைக் குறுக்கிட யாரும் இல்லை. ஆளை மட்டும் மார்க் பண்ணினால் வரும் சிக்கல் இது: ஓடுபவருக்குத் திசை தெரியும், துரத்துபவர் எப்போதும் அரை அடி பின்னால். பேயர்ன் கீப்பர் நூய்யர் கை வைத்தும் பந்தின் வேகம் அவரைத் தோற்கடித்தது.

கோட்டில் நிற்பவர் இன்ஸ்விங்குக்குப் பயன்படுவார். அவுட்ஸ்விங்கில் அவர் கிட்டத்தட்ட வீண். பந்து வெளியேறிய பிறகும் அங்கேயே நின்றால் எதிரணி முழுவதையும் ஆன்சைடு ஆக்கிவிடுவார். கார்னரிலிருந்து நேரே வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது, அடுத்த தொடுதலிலிருந்து உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் கையில் தேர்வு இருந்தால் இன்ஸ்விங்தான், பந்தை முதல் ஆளின் தலைக்கு ஒரு சாண் மேலே போகும்படி. இரண்டாம் பாதியில் கீப்பர் கோட்டோடு ஒட்டிப் பழகியபின் ஒரே ஒரு முறை மோட்ரிச் மாதிரி வெளியே வளைப்பேன்.