இ-பேப்பர் பிடிஎஃப்ல இருந்து ஒரு செய்திய மட்டும் வெட்டி சேக்குறது: நீண்டநாள் அனுபவம்

பல வருஷமா இ-பேப்பர்ல இருந்து செய்திகள தனித்தனியா வெட்டி சேத்து வச்சிட்டு வர்றேன், எத்தனையோ டூல் மாத்திப் பாத்தாச்சு, கடைசியில கையில தங்குனது பிடிஎஃப் பக்கத்த படமா மாத்துற `pdftoppm`, படத்துல இருந்து எழுத்த படிச்சு எடுக்குற `tesseract` ரெண்டும்தான். டெக்ஸ்ட்ட நேரா காப்பி பண்ணலாமேன்னு கேப்பீங்க, தமிழ் பேப்பர் சிலதுல பழைய ஃபான்ட் என்கோடிங், பேஸ்ட் பண்ணா கண்டமேனிக்கு எழுத்து வந்து விழும், அதான் படமா எடுத்து ஓசிஆர் பண்றேன்.

எழுத்த விட பெரிய தலைவலி வரிசை. மூணு காலம், அதாவது மேலருந்து கீழ ஓடுற மூணு பத்தியா அச்சான செய்தி ஒண்ணு இருக்குன்னு வைங்க, தலைப்பு மூணுக்கும் மேல, ரெண்டாவது மூணாவது காலத்து உச்சியில ஒரு போட்டோ, ரெண்டாவது காலத்து நடுவுல ஒரு பெட்டிச்செய்தி. இத மொத்தமா ஒரே கட்டமா குடுத்தா மூணு காலத்தையும் குறுக்கால படிச்சு வரிக்கு வரி கலந்து வச்சிரும். அதனால காலம் காலமா வெட்டணும், ரெண்டாவது காலம் மட்டும் பெட்டிக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு துண்டு.

```
pdftoppm -r 300 -f 5 -singlefile -x 150 -y 900 -W 620 -H 2400 -png paper.pdf c1
tesseract c1.png c1 -l tam --psm 6
```

அஞ்சாம் பக்கத்துல மொத காலம் இது. அளவெல்லாம் 300 டிபிஐ படத்துல உள்ள பிக்சல் கணக்கு, `-r` மாத்துனா எல்லாத்தையும் மாத்தணும். `--psm 6`னா இது ஒரே டெக்ஸ்ட் கட்டம்னு அர்த்தம், காலம் பிரிக்கிற வேலைய அது தலையில கட்டாம நாமளே செஞ்சிடறோம். மத்த துண்டுகளையும் இதே மாதிரி எடுத்து, அப்புறம் தலைப்பு, c1, c2a, c2b, c3, கடைசியா பெட்டியும் போட்டோ கேப்ஷனும்னு ஒட்டிடுவேன்.

வரிசை சரியான்னு பாக்க முழுசா படிக்க வேணாம், ஒட்டுன இடத்த மட்டும் பாருங்க. c1 கடைசி வரி "அமைச்சர் நேற்று"ன்னு நின்னு c2a "தெரிவித்தார்"னு ஆரம்பிச்சா சரி, புது வாக்கியமா ஆரம்பிச்சா பாதி சந்தேகம்தான், பாரா அங்கயே முடிஞ்சிருக்கலாம், இல்ல நடுவுல ஒரு துண்டு விட்டுப்போயிருக்கலாம்.

இன்னொண்ணு, தமிழ் பேப்பர்ல காலம் ஒல்லியா இருக்கறதால வார்த்தைய ஹைஃபன் இல்லாமலே வரிக் கடைசியில ஒடச்சிருவாங்க. வரிகள சேக்கும்போது கண்ண மூடிட்டு ஸ்பேஸ் போட்டா "மாநக ராட்சி"ன்னு ஆயிரும், பின்னாடி தேடுனா சிக்காது. இதுக்கு ஆட்டோமேட்டிக்கா நம்பகமான வழி எனக்கு அமையல, முக்கியமான பேர்கள மட்டும் கையால திருத்திடறேன்.

பிடிஎஃப் எடிட்டர்ல க்ராப் பண்ணி சேவ் பண்றத விட்டுட்டேன். பல எடிட்டர்ல க்ராப்புங்கறது மறைக்கிறது மட்டும்தான், முழுப் பக்கமும் உள்ளயே உக்காந்திருக்கும், ஃபைல் சைஸ் குறையவே இல்லன்னா அதான் அடையாளம். வெட்டுன படத்தையும் டெக்ஸ்ட்டையும் தேதி, பக்க எண்ணோட ஒரே பேர்ல பக்கத்துல பக்கத்துல வச்சிடறேன், ஓசிஆர் சொதப்புன இடத்துல படம்தான் சாட்சி.