சவூதி ஃபேனா, பதுளையில் வாங்கியதா, பி.எல்.டி.சி.யா: சுற்று வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்

பதுளையில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஃபேன் இல்லாமல் படுக்க முடியாது. சித்தப்பா சவூதியிலிருந்து வரும்போது ஒரு சீலிங் ஃபேன் கொண்டு வந்தார், 'அங்கே பறந்துச்சுடா, இங்கே வந்ததும் சோம்பேறியாயிருச்சு' என்று அதைக் காட்டிக் குறைப்பட்டார். கண்டென்சர் போயிருக்கும் என்றார் கரண்ட் வேலை செய்கிற அண்ணன். கண்டென்சர் நன்றாகத்தான் இருந்தது. சவூதியில் மீடிறன் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50, விஷயம் அவ்வளவுதான்.

சாதாரண சீலிங் ஃபேனில் இருப்பது தூண்டல் மோட்டர். உள்ளே அசையாமல் இருக்கும் சுருளில் ஒரு காந்தப் புலம் சுழல்கிறது, வெளிக்கூடு அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. அந்தப் புலத்தின் வேகம்தான் ஒத்தியங்கு வேகம்:

```
N = 120 × f ÷ P
```

f மீடிறன், P முனைவுகளின் எண்ணிக்கை, N நிமிடத்துக்கு எத்தனை சுற்று. வடக்கு, தெற்கு இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும், சோடியாக எண்ணிவிட்டால் விடை இரட்டிப்பாகிவிடும்.

தகட்டில் முனைவு எண்ணிக்கை பெரும்பாலும் இருக்காது, ஆனாலும் கண்டுபிடித்துவிடலாம். பதுளைக் கடையில் வாங்கிய எங்கள் ஃபேனின் தகட்டில் 50 ஹெர்ட்ஸ், 380 சுற்று என்று இருக்கிறது. 16 முனைவு என்று எடுத்தால் 120 × 50 ÷ 16 = 375. தூண்டல் மோட்டர் புலத்தை முந்தவே முடியாது, அதனால் இது பொருந்தாது. 14 முனைவு என்றால் 428 சொச்சம் வருகிறது, அதிலிருந்து 380க்கு 11 சதவீதம் பின்தங்கல். இந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்பார்கள், ஃபேனுக்கு இது சாதாரணம். ஆக 14 முனைவு.

சித்தப்பாவின் தகட்டில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 400 சுற்று. 18 முனைவு என்றால் கணக்கு சரியாக 400இல் நிற்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்லிப் பூச்சியம் என்று ஆகிவிடும், அது நடக்காது. 16 என்றால் 450, அதுதான் சரி. இப்போது அதே 16ஐ நம் 50 ஹெர்ட்ஸில் போடுங்கள்: 375. சித்தப்பா என்ன செய்தாலும் அந்த 400 இங்கே வராது.

உண்மையில் எவ்வளவு என்று அளந்தும் பார்த்தேன். ஒரு இறக்கையில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, ஃபோனில் விநாடிக்கு 240 சட்டம் வரும் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஒரு சுற்றுக்கு எத்தனை சட்டம் என்று எண்ணினேன். நிமிடத்துக்கு 240 × 60 = 14400 சட்டம், அதை அந்த எண்ணால் வகுத்தால் சுற்று வேகம் வந்துவிடும். சவூதி ஃபேனுக்கு 42 சட்டம், அதாவது 343 சுற்று. கடை ஃபேனுக்கு 38, அதாவது 379.

400ஐ அப்படியே ஆறில் ஐந்து பங்காக்கினால் 333தானே வர வேண்டும், எப்படி 343 வந்தது? மீடிறன் குறைந்தும் வோல்ட் குறையவில்லை. 220ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், 230ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள், காந்தப் புலம் இங்கே கால் பங்கு கூடுதலாக இருக்கிறது. வேகம் குறைந்ததால் காற்றின் சுமையும் குறைவு. இரண்டும் சேர்ந்து ஸ்லிப்பைக் குறைத்துவிட்டன. சந்தோஷப்பட வேண்டாம், கூடுதல் புலத்துக்கு விலை சூடு. அளவு மீறினால் இரும்பு உள்ளகம் நிரம்பி ஹூம் என்ற இரைச்சல் கிளம்பும், சுருள் கொதிக்கும். சித்தப்பாவின் ஃபேனிலும் அந்த இரைச்சல் இருக்கிறது.

ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்ப்போமே என்று கேட்காதீர்கள். அது வோல்ட்டைத்தான் குறைக்கும், மீடிறனைத் தொடாது. கடை ஃபேனை 200 சுற்றுக்கு இறக்கினாலும் உள்ளே புலம் 428இல்தான் சுழல்கிறது, ஸ்லிப் 53 சதவீதமாகிறது, அவ்வளவே.

வெளிக்கூட்டில் நிரந்தரக் காந்தம் உள்ள பி.எல்.டி.சி. ஃபேனின் கதை வேறு. வருகிற கரண்டை முதலில் நேரோட்டமாக்கி, அப்புறம் தனக்கு வேண்டிய மீடிறனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். 14 முனைவுள்ள ஒன்று 350 சுற்றில் ஓடினால் அது தயாரிப்பது 40.8 ஹெர்ட்ஸ்தான். காந்தம் புலத்தோடு ஒட்டியே ஓடுவதால் ஸ்லிப் கிடையாது. 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்து கொண்டு வந்தாலும், வோல்ட் பொருந்தினால், அதே வேகம்தான். மாலையில் எல்லா வீட்டிலும் லைட் போட்டு லைனில் வோல்ட் இறங்கும்போது கடை ஃபேன் தளரும், இது ஓரளவு வரை அசையாது. கரண்டும் பாதிக்குக் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் சித்திரை, ஐப்பசி இடி மின்னலுக்கு அதன் சர்க்கிட் போர்ட்டை நம்ப முடியாது, போனால் கண்டென்சர் மாதிரி மலிவாக மாற்றிவிடவும் முடியாது.

என்னைக் கேட்டால், இடி முழங்கும்போது பிரேக்கரை இறக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு பி.எல்.டி.சி., மற்றவர்களுக்கு 14 முனைவு கடை ஃபேன். சித்தப்பாவின் ஃபேனை முன்னறையில் மாட்டினோம். ஒரு மணி நேரம் ஓடியபின் நிறுத்தி, மெயினையும் இறக்கிவிட்டு, ஏணியில் ஏறிக் கூட்டைத் தொட்டேன். கை வைக்கலாம், ஆனால் பத்து விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. ராத்திரி முழுக்க ஓட விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் கண்டென்சர்தான் என்கிறார்.