ஒரே மூன்று டாரட் சீட்டு, மூன்று பலன்: எதை எடுத்துக்கொள்வது?

"அவர் திரும்பி வருவாரா?" என்பது கேள்வி. முதல் சீட்டு கேட்பவருக்கு, இரண்டாவது அவருக்கு, மூன்றாவது இருவருக்கும் நடுவே இருப்பதற்கு. விழுந்தவை கோப்பை எட்டு, கோப்பை நைட் என்னும் குதிரைவீரன், வாள் இரண்டு.

முதல் வாசிப்பாளர் 1909-இல் வெளியான ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டின் படங்களையே பார்க்கிறார். கோப்பை எட்டில் அடுக்கின் மேல்வரிசையில் ஓர் இடைவெளி. சிவப்பு உடையில் ஒருவர் முதுகு காட்டிப் போகிறார். விலகிக்கொண்டிருப்பது கேட்பவர்தான் என்கிறார். வாள் இரண்டில் கண் கட்டிய பெண்: பேசாமல் ஒத்திப்போட்ட முடிவு.

இரண்டாமவர் கோல்டன் டான் என்ற பழைய ஆங்கில மறைஞானச் சங்கத்தின் முறைக்காரர். அதில் வாள் இரண்டின் பெயரே 'மீண்ட அமைதி'. கோப்பை நீர், வாள் காற்று, இரண்டும் பகையல்ல. சண்டை ஓய்ந்திருக்கிறது என்கிறார். முதலாமவரோடு இவர் மோதுவது இந்த ஒரு சீட்டில்தான். அதற்கும் காரணம் மரபு வேறுபாடு.

மூன்றாமவர், "வேறொரு பெண் இருக்கிறாள், மூன்று மாதத்தில் வருவார்" என்கிறார். எந்தச் சீட்டில் அது தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாம் ஆளுக்கோ காலத்துக்கோ இந்த விரிப்பில் இடமே ஒதுக்கவில்லை. இதைத் தள்ளிவிடலாம்.

முதல் இருவரும் சேருமிடத்துக்கே எடை அதிகம்: ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது. அது அமைதியா, தவிர்ப்பா என்பதைச் சீட்டு தீர்க்காது. கடைசியாக இருவரும் மனம்விட்டுப் பேசியது எப்போது என்பது கேட்பவருக்கே தெரியும். நைட் சீட்டை வைத்து அவர் மனதில் இருப்பதை அடித்துச் சொல்பவர் யாரானாலும், அதைப் பாதியாகக் குறைத்தே எடுங்கள்.