வலப்பக்க நெடுங்கட்டம்: ஒரே சித்திரக்கதைப் பக்கம், மூன்று அமைப்புகள்

பாமணியாற்றுப் பாசனத்தின் கடைமடை ஊர் ஒன்றில் நடக்கும் சிறிய சித்திரக்கதை ஒன்றை ஏ5 அளவில் வரைந்துகொண்டிருந்தபோது, அதன் மூன்றாம் பக்கத்தை மட்டும் மூன்று விதமாக அமைத்துப் பார்க்க நேர்ந்தது. அந்தப் பக்கத்தில் நிகழ்வது மிகக் குறைவு. நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு பெரியவர், மதகைக் காக்கும் லஸ்கரிடம், "தம்பி, நாத்து பழுக்குது. எப்ப திறப்பீங்க?" என்று கேட்கிறார். அவர், "நாளைக்கு முறை மாறுது ஐயா. விடிஞ்சதும் திறந்துடறேன்" என்கிறார். மறுநாள் விடியலில் மதகின் பலகை மேலே ஏறுகிறது, நீர் விழுகிறது. கரையில் நிற்கும் பேத்தி, "நம்ம வயலுக்கு எட்டுமா தாத்தா?" என்று கேட்கிறாள். தாத்தா பதில் சொல்கிறார். கேள்வி, பதில், விடியல், நீர் என்ற வரிசை பிசகினால் கதையே வேறாகிவிடும் என்பதால், அமைப்புகளை ஒப்பிட இதைவிட நல்ல பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் வரைந்தது சீரான ஆறு கட்டம்: இரண்டு பத்தி, மூன்று வரிசை. ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர், உயரம் 210. சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் ஓரமும் கட்டங்களுக்கிடையே நான்கு மில்லிமீட்டர் இடைவெளியும் விட்டால், ஒவ்வொரு கட்டமும் 62 மில்லிமீட்டர் அகலமும் ஏறக்குறைய 60 உயரமுமாகச் சதுரம் போல அமையும். இந்த அமைப்பில் கண் தடுமாறுவதே இல்லை. இடமிருந்து வலம் போய், அடுத்த வரிசைக்கு இறங்கி, மீண்டும் இடமிருந்து வலம் என்று எழுத்தைப் படிக்கும் பழக்கத்திலேயே படத்தையும் படித்துவிடுகிறார்கள்.

மூன்று பத்தியாகப் பிரித்தால் ஒரு பக்கத்தில் ஒன்பது கட்டம் கிடைக்குமே என்ற எண்ணம் வரும். தமிழில் அதற்குத் தடையாக நிற்பது சொல்லின் நீளம். மூன்று பத்தியில் ஒரு கட்டத்தின் அகலம் 40 மில்லிமீட்டர்தான். என் கையெழுத்தில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் பிடிக்கிறது. "திறந்துவிட்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல்லில் பதினான்கு எழுத்து இருப்பதால், அதற்கு 35 மில்லிமீட்டர் வேண்டும். பேச்சு அடங்கும் பலூனின் உட்புறம் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டால் 41 ஆகிறது, அதாவது கட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அதையே பேச்சு வழக்கில் "திறந்துட்டாங்க" என்று எழுதினால் எட்டு எழுத்து, 26 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். பாத்திரங்களைப் பேச்சுத் தமிழில் பேசவைப்பதற்கு இயல்பு மட்டும் காரணமில்லை, இடமும் ஒரு காரணம். சொல்லை உடைத்தே ஆகவேண்டும் என்றால் "திறந்து" என்று ஒரு வரியிலும் "விட்டிருக்கிறார்கள்" என்று அடுத்த வரியிலும் பொருள் பிரியும் இடத்தில் உடைக்க வேண்டும். எந்த வரியும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது, ஏனெனில் வாய்விட்டுப் படிப்பவர் அங்கே நின்றுவிடுகிறார்.

பலூனின் வடிவமும் இதே கணக்கில் வருகிறது. முட்டை வடிவ பலூன் நடுவில் அகன்று, மேலும் கீழும் குறுகும். அதற்குள் முதல் வரியும் கடைசி வரியும் சிறியனவாகவும் நடுவரிகள் நீளமாகவும் இருந்தால்தான் எழுத்து அழகாக உட்காரும். தமிழ் வாக்கியமோ பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது, அந்த வினைமுற்றுதான் பல வாக்கியங்களில் மிக நீளமான சொல். லஸ்கரின் பதிலை மூன்று வரியாக அடுக்கிப் பார்த்தால், "நாளைக்கு" என்பது சிறிய முதல் வரி, "முறை மாறுது ஐயா" நடுவரி, "விடிஞ்சதும் திறந்துடறேன்" மிக நீளமான கடைசி வரி. பலூன் குறுகுகிற இடத்தில் சொல் நீள்கிறது. அதற்காக முட்டையைப் பெரிதாக்கினால் மேற்புறம் வீணாக வெள்ளை கிடக்கும், படத்துக்கான இடம் போகும். ஆகவே மூலைகளை மழுக்கிய செவ்வகமே தமிழுக்குப் பொருந்துகிறது என்பது என் முடிவு. அதே பதில் அப்படிப்பட்ட பலூனில் இரண்டே வரியில், 41 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்கியது. வரிகளை ஆங்கிலத்துக்கு விடுவதைவிடச் சற்றுத் தள்ளியே போட வேண்டும். மேல்வரியின் "து", "ழு" கீழே இறங்கும்போது கீழ்வரியின் புள்ளியும் மேல்விலங்கும் மேலே ஏறுகின்றன, நெருக்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஆறு கட்டத்தில் குறை என்று பார்த்தால், மதகு திறப்பது சிறுத்துவிட்டது. திருகைச் சுற்றும் கை ஒரு கட்டத்திலும் விழும் நீர் அடுத்த கட்டத்திலுமாகப் பிரிந்ததால், நாள் கணக்கில் காத்திருந்த நீர் வரும் கனம் அதில் இல்லை. பலகை ஏறும் உயரமும் நீர் இறங்கும் ஆழமும் ஒரே பார்வையில் தெரிய உயரமான கட்டம் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

அப்படி வந்ததுதான் இரண்டாவது அமைப்பு. இடப்பக்கத்தில் பெரியவரின் கேள்வி மேலும் லஸ்கரின் பதில் கீழுமாக அடுக்கி, வலப்பக்கத்தில் இரண்டு வரிசை உயரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 125 மில்லிமீட்டருக்கு, மதகை நிறுத்தினேன். கீழே முழு அகலத்தில் வயல்வெளியும் பேத்தியும். பார்வைக்கு மூன்றிலும் இதுதான் அழகு. படித்துக் காட்டச் சொன்னபோதுதான் அதன் ஆபத்து வெளிப்பட்டது. முதல் கட்டத்தில் கேள்வியைப் படித்த பக்கத்து வீட்டு அக்கா, எழுத்தைப் படிக்கும் பழக்கத்தில் நேராக வலப்பக்கம் போய், நீர் விழுவதைப் பார்த்துவிட்டு, பிறகு இடப்பக்கம் திரும்பி, "நாளைக்கு முறை மாறுது" என்று படித்தார். "முறை வர்றதுக்கு முன்னாடியே திறந்துட்டாரா?" என்று கேட்டார். முறைப் பாசனத்தில் அது சாதாரணக் கேள்வியன்று, ஊருக்கும் ஊருக்கும் சண்டை வரக்கூடிய குற்றச்சாட்டு. கட்டத்தை வைத்த இடத்தால், ஒழுங்காக வேலை செய்த லஸ்கர் முறை மீறியவராகிவிட்டார்.

இந்த அமைப்பைச் சித்திரக்கதை ஆய்வாளர்கள் தனியாகவே கவனித்திருக்கிறார்கள். படமே இல்லாத வெற்றுக் கட்டங்களைக் கொடுத்து வரிசை எண் இடச் சொல்லி நீல் கோன் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இடப்பக்கம் அடுக்கும் வலப்பக்கம் நெடுங்கட்டமும் வரும்போது பெரும்பாலோர் வலப்பக்கம் போகாமல் கீழே இறங்குகிறார்கள் என்று தெரிந்தது. அப்படியானால் என் பக்கத்துக்கு இது உகந்ததுதானே என்று தோன்றலாம். ஆனால் பெரும்பாலோர் என்பது எல்லோரும் அன்று. வெற்றுக் கட்டத்தில் இல்லாத ஒன்று என் பக்கத்தில் இருந்தது. நீர் விழும் ஓசையைக் காட்டும் பெரிய எழுத்தை நெடுங்கட்டத்தின் உச்சியில், முதல் பலூனுக்கு நேர் எதிரே போட்டிருந்தேன். கண்ணை அங்கே இழுத்தது என் எழுத்துதான்.

இதைச் சரிசெய்ய மூன்று திருத்தம் செய்தேன். இடப்பக்க இரு கட்டங்களுக்கும் நடுவே இடைவெளியை இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்து, அவற்றுக்கும் நெடுங்கட்டத்துக்கும் நடுவே ஆறாகக் கூட்டினேன். லஸ்கரின் பலூனை மேல்கட்டத்தின் கோட்டைத் தொட்டு ஏறும்படி வைத்தேன், கேள்வியை முடித்த கண் அந்தப் பலூனைப் பிடித்து இறங்கும். ஓசை எழுத்தை நெடுங்கட்டத்தின் அடியில், நீர் விழும் இடத்துக்குக் கொண்டுபோனேன். தடுமாற்றம் பெருமளவு குறைந்தது. ஆனால் பக்கத்தை வேகமாகப் புரட்டும் சிறுவர்கள் அப்போதும் நீரைத்தான் முதலில் பார்த்தார்கள். அம்புக்குறி போட்டால் தீரும், ஆனால் ஒரு பக்கத்துக்கு அம்புக்குறி தேவைப்படுகிறது என்றால் அந்தப் பக்கத்தை மாற்றி அமைப்பதே நேர்மை.

மூன்றாவதாக, கைப்பேசியில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் நீள்பட்டை. 800 பிக்சல் அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டங்களை வைத்தால் வரிசைக் குழப்பம் அடியோடு மறைகிறது, போவதற்குக் கீழ்த்திசை ஒன்றே உண்டு. திரையின் அகலம் 65 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், தாளின் 62 மில்லிமீட்டர் கட்டத்துக்கு எழுதிய பலூன் அப்படியே இதில் பொருந்தியது. ஒரே உயரத்தில் இரண்டு பலூன் வைக்காமல் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் வைத்தால் போதும். பதிலுக்கும் விடியலுக்கும் நடுவே நீண்ட வெற்றிடம் விட்டு இரவைக் காட்ட முடிந்தது, தாளில் அதற்கு இடமில்லை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. எங்கள் மண் மட்டமானது, அதன் அழகே அகலத்தில் உள்ளது. வயலும் வாய்க்காலும் வானமும் கிடையாக விரிவதைக் குறுகிய பட்டையில் காட்டினால், எங்கோ மலைச்சாரல் போலாகிவிடுகிறது. பேத்தியின் கேள்விக்கு அந்த விரிவுதான் பொருள் தருகிறது. எவ்வளவு தூரம் என்று தெரிந்தால்தான் நீர் எட்டுமா என்ற கவலை புரியும்.

அச்சுக்கு நான் இறுதியில் எடுத்தது முதல் இரண்டின் கலவை. கேள்வியையும் பதிலையும் மேல்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதற்குக் கீழே நெடுங்கட்டத்தை இடப்பக்கத்துக்கு மாற்றி, அதே 125 மில்லிமீட்டர் உயரம் கொடுத்து, வலப்பக்கத்தில் பேத்தியையும் தாத்தாவையும் மேலும் கீழுமாக அடுக்கினேன். நெடுங்கட்டம் இடப்பக்கம் இருந்தால் அதற்குப் பிறகு போவதற்கு வலப்பக்க மேல்கட்டம் ஒன்றுதான் வழி, அங்கிருந்து கீழே. இதிலும் ஓர் இடறல் வந்தது. நெடுங்கட்டத்தின் அடியில் விழும் நீரோடு சறுக்கிய கண், பக்கத்திலிருக்கும் கீழ்க்கட்டத்துக்கே தாவி, தாத்தாவின் பதிலைக் கேள்விக்கு முன்பே படித்துவிடுகிறது. பேத்தியின் பலூனை அவள் கட்டத்தின் இடது மேல்மூலைக்கு, நெடுங்கட்டத்தின் கோட்டை ஒட்டிக் கொண்டுவந்தேன். தாத்தாவின் பலூனைக் கீழ்க்கட்டத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளி, வாலை மட்டும் அவர் வாயை நோக்கி நீட்டினேன். அதன்பிறகு அக்கா கேட்டது லஸ்கரைப் பற்றி அன்று. "எட்டுச்சா இல்லையா, அடுத்த பக்கத்தக் காட்டு" என்றுதான்.

முழு அகல வயல்வெளி இந்தப் பக்கத்தில் இடமிழந்தது. அதை நான்காம் பக்கத்தின் மேல்வரிசையில், 128 மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு பலூனும் இல்லாமல் வரைந்திருக்கிறேன்.